‘எந்த வருசத்துக்கு, தம்பி?’: தாத்தாவோடு சிரிப்பதும் தாத்தாவைப் பார்த்துச் சிரிப்பதும்

ஆனையிறவுப் பக்கத்துக் கிராமங்களில் இப்போது ஒரு பகிடி உலவுகிறது. பேரன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து தாத்தாவிடம் காட்டுகிறான்.

“தாத்தா, இஞ்சையிருந்து யாழ்ப்பாணம் போக ஒரு மணித்தியாலம் எண்டு காட்டுது.”

தாத்தா கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “எந்த வருசத்துக்கு, தம்பி?”

அவ்வளவுதான் பகிடி. வெளியூர்க்காரர் ஒருவருக்கு இதைச் சொன்னால் அடுத்து என்ன என்று காத்திருப்பார். பரந்தனிலோ பளையிலோ சொன்னால் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் முதலில் சிரிப்பார்கள். இளையவர்கள் ஒரு கணம் பிந்திச் சிரிப்பார்கள். அந்த ஒரு கணப் பிந்தலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆண்டுதோறும் ஒக்டோபரில் முதியோர் தினம் வருகிறது. எங்கள் பகுதி முதியோர் சங்கத்தின் நிகழ்வுக்குச் சில வருடங்களாகப் பத்து நிமிடத் துண்டு நாடகங்களை எழுதிக் கொடுத்து வருகிறேன். மேடை என்றால் பெரிய மேடை இல்லை. சனசமூக நிலைய விறாந்தை, இரண்டு கதிரை, கடனுக்கு வாங்கிய ஒரு ஒலிவாங்கி. முன்வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் எழுபதுக்கு மேற்பட்டவர்கள், நடிப்பவர்கள் இருபதைத் தொட்ட பிள்ளைகள். அதனால் இரண்டு தலைமுறைக்கும் இடையிலுள்ள கைப்பேசி ஒவ்வொரு வருடமும் தானாகவே கதைப்பொருளாகிவிடுகிறது. அதைப் பகிடியாக்கும்போது எது சரிவருகிறது, எது பிழைக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது.

எங்கள் பேச்சு வழக்கே இதற்குள் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறது. ‘பகிடி விடுறது’ வேறு, ‘நக்கலடிக்கிறது’ வேறு. பகிடி விட்டால் விட்டவரும் கேட்டவரும் சேர்ந்து சிரிக்கலாம். நக்கலில் ஒருவர் சிரிக்க மற்றவர் சுருங்கிப் போவார். பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்களைப் படுத்தும் பாட்டுக்கு நாங்கள் வைத்த பெயரோ ‘பகிடிவதை’. பகிடிக்குப் பக்கத்திலேயே வதையும் குடியிருக்கிறது என்பது எங்கள் மொழிக்கு நன்றாகத் தெரியும்.

இனி அந்த ஒரு மணித்தியாலப் பகிடியைப் பிரித்துப் பார்ப்போம். பேரன் சொல்வதில் பிழை எதுவும் இல்லை. இன்றைக்கு ஏ9 பாதையில் ஆனையிறவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர்தான், ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் தாத்தாவுக்குத் தெரிந்த பாதை ஒன்றல்ல. 1990 இல் மீண்டும் சண்டை மூண்டபோது ஆனையிறவால் சனம் போக முடியாமல் போயிற்று. அதன் பிறகு கொம்படி, ஊரியான் என்று சேற்றிலும் தண்ணீரிலும் நடந்தார்கள். அதுவும் முடியாமல் போக, கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் படகில் கடந்தார்கள். படகில் ஏறிய எல்லாரும் கரையேறவில்லை. 2000 ஏப்ரல் 22 இல் ஆனையிறவுத் தளம் புலிகளின் கைக்கு வந்தது. 2002 இல் பாதை திறந்தபோது சனம் பேருந்தில் இருந்து இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டு போனது. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டப்பட்டது. 2009 ஜனவரியில் இராணுவம் ஆனையிறவைக் கைப்பற்றியது. அதே ஐம்பது கிலோமீற்றர் ஒரு வருடத்தில் ஒரு மணித்தியாலமாகவும், இன்னொரு வருடத்தில் ஒரு முழு இரவாகவும், வேறொரு வருடத்தில் போகவே முடியாத தூரமாகவும் இருந்தது.

வரைபடத்துக்குத் தெரிந்தது தூரம். தாத்தாவுக்குத் தெரிந்தது காலம். சிரிப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. இங்கே பேரனும் முட்டாள் இல்லை, தாத்தாவும் முட்டாள் இல்லை. இரண்டு பேரும் அறிந்ததில் பாதியை மட்டுமே அறிந்து வைத்திருக்கும் கருவிதான் மாட்டிக்கொள்கிறது. இளையவர்கள் ஒரு கணம் பிந்திச் சிரிப்பதற்குக் காரணமும் இதுதான். அவர்கள் அந்த வருடங்களைக் கணக்குப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சில வீடுகளில் சிரித்து முடித்த பிறகு “அப்ப நீங்கள் எப்பிடிப் போனீங்கள், தாத்தா?” என்ற கேள்வியும் வருகிறது.

இந்தப் பகிடியை நாங்கள் முதன்முறை மேடையில் சொன்னபோது முன்வரிசையிலிருந்த ஒரு ஐயா சிரித்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வரி சேர்த்தார்: “போற நேரம் காட்டுது. வாற நேரம் காட்டுமோ?” நாங்கள் எழுதியதைவிட அது நல்ல வரி. அடுத்த முறை அதையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு பகிடி சரிவந்ததா என்று அறிய எனக்குத் தெரிந்த நம்பகமான அடையாளம் அதுதான். கைதட்டலை நான் கணக்கில் எடுப்பதில்லை, எங்கள் சனம் மரியாதைக்காகவும் தட்டும். ஆனால் பகிடிக்குள் வந்த வயதை உடைய ஒருவரே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தால், அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார் என்று பொருள். மாறாக, அவர் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தால், அல்லது ஆச்சி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்தால், அந்தச் சிரிப்பு எங்களுக்காகச் சிரித்த சிரிப்பு.

பிழைக்கும் வகையையும் சொல்ல வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், சமூக வலைத்தளக் காணொளிகளில் தினமும் ஓடுகிறது. தாத்தா போனைத் தலைகீழாகப் பிடிப்பார். ஆச்சி தொலைக்காட்சியின் றிமோட்டைக் காதில் வைத்து ‘ஹலோ’ என்பார். நடிக்கும் பையன் கூனிக்கொண்டு, கையை நடுங்க வைத்துக்கொண்டு, குரலைக் கீச்சிடுவான். சனம் சிரிக்கும். ஆனால் இந்தத் துண்டுகளில் தாத்தாவின் இடத்தில் நாலு வயதுக் குழந்தையைப் போட்டாலும் ஒரு வரியும் மாறாது. அவர் செய்வதற்கு ஒரு காரணமும் கொடுக்கப்படவில்லை, அவருக்கென்று எதுவும் தெரிந்ததாகக் காட்டப்படவில்லை. எல்லா அறிவும் ஒரே பக்கத்தில் நிற்கிறது.

எங்கள் இடத்தில் இதற்கு இன்னொரு பாரமும் உண்டு. கை நடுக்கமும் காது மந்தமும் எல்லா ஊரிலும் வயதின் அடையாளங்கள். வன்னியில் அவை பலருக்கு வயதால் வந்தவை அல்ல. ஷெல் விழுந்து காது போனவர், கையில் இன்னும் இரும்புத் துண்டு இருப்பவர், இரண்டு விரல் இல்லாதவர் அதே முன்வரிசையில் இருப்பார். அதனால் எங்கள் நாடகங்களில் உடலை வைத்துச் சிரிப்பு எடுப்பதில்லை. தாத்தாவாக நடிக்கும் பிள்ளை நிமிர்ந்து, தன் சொந்தக் குரலில்தான் பேசுவான். தோளில் ஒரு துவாய் போதும், அவர் தாத்தாதான் என்று சனத்துக்கு விளங்கும்.

எழுதும்போது நான் முதலில் தேடுவது காரணத்தை. பெரியவர் ஒருவர் கருவியோடு செய்வது எங்களுக்கு விநோதமாகத் தெரிந்தால், அதற்குப் பின்னால் அநேகமாக ஒரு பழைய நியாயம் இருக்கும். உதாரணமாக, வெளிநாட்டுக்குப் பேசும்போது ஐயாமார் கத்திப் பேசுவார்கள். ‘கனடாவுக்கு நேரடியாகவே கேட்கும், போன் தேவையில்லை’ என்பது பழைய நக்கல். ஆனால் அவர் முதன்முதலில் வெளிநாட்டுக்குப் பேசியது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். எத்தனையோ தடை கடந்து வவுனியாவுக்குப் போய், கொமினிகேஷன் கடையில் வரிசையில் நின்று, நிமிடக் கணக்கில் காசு கட்டி, இரைச்சலோடு வரும் இணைப்பில் பேசியவர் அவர். பின்னால் பத்துப் பேர் காத்து நிற்பார்கள். சொன்னது ஒருமுறையிலேயே விளங்க வேண்டும், இரண்டாம் முறை சொல்லக் காசில்லை. அந்தக் குரல்தான் இன்னும் இருக்கிறது. இந்தக் காரணம் தெரிந்த பிறகு அதே காட்சியை இப்படி எழுதலாம்:

“ஐயா, மெல்லக் கதையுங்கோ, அவருக்கு வடிவாக் கேக்கும்.”

“கேக்குமெண்டு எனக்கும் தெரியும், பிள்ளை. நான் கத்துறது அவன் மறந்துபோகாமல் இருக்க.”

வீடியோ அழைப்பிலும் இதே கதைதான். அம்மம்மா போனைக் காதில் வைத்துக்கொள்வார், பாரிஸில் இருக்கும் பேரனின் திரை முழுக்கக் காது தெரியும். இந்தக் காட்சியை இங்கே பார்க்காத வீடு இல்லை, அதனால் விட்டுவிடவும் மனமில்லை. நாங்கள் காதை அப்படியே வைத்துக்கொண்டு கடைசி வார்த்தையை மட்டும் அம்மம்மாவின் வாயில் கொடுத்தோம்.

“அம்மம்மா, காதுதான் தெரியுது.”

“நீ கதைக்கிறதைக் கேக்கக் காதுதானே வேணும். முகத்தைப் பாக்கவேணுமெண்டால் ரிக்கற் எடுத்து வா.”

கடைசி வரி யாருடையது என்பது சின்ன விடயம் இல்லை. அது பேரனிடம் போயிருந்தால் அம்மம்மா தெரியாதவர். அம்மம்மாவிடம் இருப்பதால், தெரிந்துகொண்டே அப்படிப் பிடித்தாரோ என்ற சந்தேகம் வருகிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்களை அறிந்த எவருக்கும் அந்தச் சந்தேகம் நியாயமானதாகத்தான் படும். பேரன் வராததையும் அந்த வரி சொல்லிவிடுகிறது, குற்றம் சாட்டாமல்.

இது எங்களோடு தொடங்கிய பழக்கமல்ல. ‘சிரித்திரன்’ சஞ்சிகையை 1963 இல் தொடங்கிய சிவஞானசுந்தரத்தின் கேலிச் சித்திரங்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய சவாரித்தம்பர் மாட்டுவண்டிச் சவாரிக் காலத்துக் கிராமத்து மனிதர். இன்னொரு பாத்திரமான மிஸிஸ் டாமோடிரன் கொழும்பு நாகரிகத்தில் ஊறிய சீமாட்டி. புதுமைக்கு முன்னால் கிராமத்தான் கூசி நிற்பது அங்கே பகிடியாகவில்லை, இல்லாத பவுசைக் காட்டுவதுதான் பகிடியானது. கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ தனிநடிப்பையும் சொல்லலாம். பேருந்து நடத்துநராகத் தனி ஒருவராக நின்று பயணிகள் எல்லாரையும் மேடைக்குக் கொண்டுவருவார். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்கள் அதே பேருந்துகளில் தினமும் போய்வந்த சனம்தான்.

எங்கள் நாடகங்களில் ஒன்றை முழுதாக எடுத்துப் பார்த்தால் நான் சொல்லும் வேலை இன்னும் தெளிவாகும். 2022 ஒக்டோபருக்காக எழுதியது. அந்த வருடம் நாடே பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றது. ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி என்ற கியூஆர் முறை வந்தது. அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் அடிச்சட்ட இலக்கத்தையும் இணையத்தில் பதிந்தால் கட்டம் கட்டமாக ஒரு படம் வரும். அதைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர், முச்சக்கர வண்டிக்கு ஐந்து லீற்றர், காருக்கு இருபது லீற்றர். தொடக்கத்தில் அளவு இவ்வளவுதான்.

நடிக்கும் பிள்ளைகள் தாங்களே ஒரு பிரதியைக் கொண்டுவந்தார்கள். தாத்தா வரிசையில் நிற்கிறார், கியூஆர் என்றால் என்னவென்று தெரியவில்லை, தன் அடையாள அட்டையைக் காட்டுகிறார், கோயில் நோட்டீசைக் காட்டுகிறார், கடைசியில் பேரன் வந்து காப்பாற்றுகிறான். சிரிப்பு வரும் பிரதிதான். ஆனால் அதைப் படித்த சங்கத்து ஆச்சி ஒருவர் கேட்டார்: “வரிசையிலே நிண்டு மட்டை காட்டிச் சாமான் வாங்கின ஆக்களுக்கே உதை விளங்கப்படுத்தப் போறியள்?”

ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பொருளாதாரத் தடைக் காலத்தில் எண்ணி எண்ணி மண்ணெண்ணெய் வாங்கியவர்கள், முகாம்களிலும் இடம்பெயர்ந்த இடங்களிலும் நிவாரண அட்டையோடு நின்றவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கியூஆர் கொழும்புக்குப் புதிது. இங்கே அது பழைய கூப்பனின் புதிய முகம். ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெயும் பஞ்சும் போட்டு விளக்கெரித்தவர்கள், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டவர்கள், துளிப் பெற்றோலில் உசுப்பிவிட்டு மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் அவர்கள். அந்த வருடம் முழு நாடும் அவர்களுடைய வகுப்பில்தான் வந்து குந்தியிருந்தது.

அதனால் பிரதியின் அச்சை மாற்றினோம். பதிவதற்குப் பேரன் வேண்டும், அதில் ஐயமில்லை. ஒழுங்கை முழுவதுக்கும் பதிந்து கொடுத்தவர்கள் அந்த வயதுப் பிள்ளைகள்தான். ஆனால் கையில் வந்ததைப் பாதுகாப்பது தாத்தாவின் வித்தை. புதிய பிரதி இப்படிப் போனது. விடியற்காலையில் வந்து நின்ற வரிசை மத்தியானமாகியும் நகரவில்லை. பேரன் பொழுது போக்கப் போனில் படம் பார்க்கிறான். தாத்தா வாயிலே வெற்றிலையோடு நிற்கிறார்.

“தம்பி, உந்தக் கட்டம் போட்ட படத்துக்கு எவ்வளவு?”

“நாலு லீற்றர், தாத்தா. கிழமைக்கு.”

“எங்கடை மட்டையிலே இவ்வளவெண்டு எழுதிக் கிடக்கும். உதிலே எழுத்து ஒண்டையும் காணேல்லை.”

“அது மிசினுக்குத்தான் தெரியும், தாத்தா.”

“அப்ப சங்கக்கடை மனேச்சர் மாதிரி. எவ்வளவு கிடக்கெண்டு அவருக்கு மட்டும்தான் தெரியும்.”

இங்கே முதற் சிரிப்பு. தாத்தா தனக்குத் தெரியாததைத் தெரிந்த ஒன்றோடு பொருத்துகிறார், அந்தப் பொருத்தம் பிழையாகவும் இல்லை. கதை நகர்கிறது. ஒருவழியாக அவர்களுடைய முறை வருகிறது. பேரன் போனை எடுக்கிறான், பற்றரி இறங்கிவிட்டது. பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுகிறார்கள். தாத்தா ஆறுதலாகச் சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுக்கிறார். அதற்குள் அடையாள அட்டை, மருத்துவமனைக் கொப்பித் துண்டு, ஒரு பழைய நிவாரண அட்டை. எல்லாவற்றுக்கும் கீழே அச்சடித்து லமினேற் பண்ணின கியூஆர்.

“எப்ப தாத்தா உதைச் செய்தனீங்கள்?”

“நீ பதிஞ்சு தந்த அண்டைக்கே. மட்டைக்குச் சார்ஜ் இறங்காது, தம்பி.”

அந்த உறையைக் கண்டதும் முன்வரிசையில் எழுந்த சிரிப்பு வேறு மாதிரியானது. பல ஐயாமாரின் கை தங்கள் சட்டைப் பைக்குப் போனது. அங்கே அதே உறை இருந்தது. எத்தனையோ இடப்பெயர்வில் வீடு போய், வளவு போய், கடைசியில் மிஞ்சியது அந்த உறைக்குள் இருந்த கடதாசிகள்தான் என்பதை யாரும் மேடையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாடகம் கெட்டிருக்கும்.

இதில் நாங்கள் கவனமாகத் தவிர்த்த ஒன்றும் உண்டு. பேரனை முட்டாளாக்கவில்லை. பழி தீர்ப்பதுபோலத் தாத்தாவை வெல்ல வைத்துப் பிள்ளையை அசடாக்கினால் வதை மறுபக்கம் மாறுகிறது, அவ்வளவுதான். அவன் பதிந்திராவிட்டால் லமினேற் பண்ண ஒன்றும் இருந்திராது. தாத்தாவைச் சகலமும் அறிந்த ஞானியாக்குவதும் வேண்டாம். அது மரியாதை போலத் தெரிந்தாலும் சிரிப்பைக் கொன்றுவிடும், அவரைப் படமாக்கிச் சுவரில் மாட்டிவிடும். எங்கள் தாத்தாவுக்குக் கொஞ்சம் வீம்பு உண்டு, வாயில் வெற்றிலை உண்டு, சங்கக்கடை மனேச்சரோடு முடியாத கணக்கும் உண்டு. பேரனிடம் “லமினேற் பண்ண நூறு ரூபா நீதான் தரவேணும்” என்று கேட்டுத்தான் காட்சியை விட்டு வெளியேறினார்.

கைரேகைப் பூட்டு பற்றிய சிறு துண்டு ஒன்றும் நன்றாக எடுபட்டது. உப்பளத்தில் வேலை செய்தவர்களின் விரல் நுனி உவரில் ஊறி வெடித்துத் தேய்ந்திருக்கும். போரால் நின்றுபோய்ப் பின்னர் மீண்டும் தொடங்கிய ஆனையிறவு உப்பளத்தின் பழைய தொழிலாளர் பலருக்கு அப்படி. புதுப் போன் விரலை வைக்கச் சொல்லும், வைத்தால் ஏற்காது. பேரன் மறுபடி மறுபடி வைக்கச் சொல்கிறான். தாத்தா சொல்கிறார்: “என்ரை ரேகை உப்பளத்துப் பாத்தியிலே கிடக்கு, மோனை. அங்கை போய்க் கேக்கச் சொல்லு.” இதுவும் உடலைப் பற்றிய பகிடிதான். ஆனால் மாட்டிக்கொள்வது கை இல்லை, உழைத்த கையை அடையாளம் தெரியாத கருவி.

பகிடிக்கு எடுக்காத பொருளும் உண்டு. சில அம்மாமார் பழைய போனையும் பழைய சிம்மையும் விடமாட்டார்கள். பிள்ளைகள் புதுப் போன் வாங்கிக் கொடுத்தாலும் அது பெட்டிக்குள் கிடக்கும், பழையது தலையணைக்குப் பக்கத்தில் எந்நேரமும் சார்ஜில் இருக்கும். தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பை எல்லாரும் தவிர்ப்பார்கள், அவர்கள் முதல் மணியிலேயே எடுப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பழமைவாதம், நாடகத்துக்கு நல்ல துண்டு என்றுகூடத் தோன்றும். ஒரு பிள்ளை அதை எழுதவும் விரும்பினான். போய்க் காரணத்தைக் கேட்டு வரச் சொன்னேன். அந்த அம்மா சொன்ன காரணம் இது: காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் கொடுத்த எல்லாப் படிவங்களிலும் அந்த இலக்கத்தைத்தான் எழுதியிருக்கிறார். அதை மாற்றினால் தகவல் வந்தாலும் எங்கே வரும்?

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மார் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். பையன் திரும்பி வந்து பிரதியைக் கிழித்தான். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. காரணத்தைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான். காரணம் சில வேளை பகிடியை இன்னும் நன்றாக்கும், சில வேளை பகிடியை நிறுத்திவிடும். எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒத்திகையில் இரண்டு காரியம் மட்டும் கண்டிப்பாகச் செய்கிறோம். பிரதியைச் சங்கத்து மூத்தவர்கள் இரண்டு பேருக்கு முதலில் வாசித்துக் காட்டுவோம், ஒருவர் ஐயா, ஒருவர் ஆச்சி. அவர்கள் வெட்டச் சொன்னதை வெட்டுவோம், கேள்வி இல்லை. வெட்டுவதைவிடச் சேர்ப்பதுதான் அதிகம் நடக்கிறது. அடுத்தது, பெரியவரின் வரிக்குப் பிறகு நடிகர்கள் மூச்சுவிடும் நேரம் காத்திருக்க வேண்டும். காது மந்தமானவருக்குப் பக்கத்தில் இருப்பவர் அந்த வரியைத் திருப்பிச் சொல்லுவார். அது முடிந்து அவரும் சிரித்த பிறகுதான் அடுத்த வரி. இளம் நடிகர்களுக்கு இந்த மௌனம் பயமாக இருக்கும், பாய்ந்து அடுத்த வரியைச் சொல்லிவிடுவார்கள். இரண்டு மூன்று ஒத்திகையில் பழகிவிடும்.

இந்த வருடத்துக்கான துண்டு இன்னும் முடியவில்லை. போனில் பேசினால் தானாகத் தமிழில் எழுதும் வசதியைப் பற்றியது. பேரன் அதற்குத் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர்போலப் பேசுகிறான், அது எழுதுகிறது. அப்பாச்சி “இஞ்சை எல்லாரும் சுகமாயிருக்கிறம், நீ எப்பிடியிருக்கிறாய்?” என்று பேசுகிறார், அது ஏதோ எழுதுகிறது. “நீங்கள் அதுக்கு விளங்கிற மாதிரிக் கதையுங்கோ, அப்பாச்சி” என்கிறான் பேரன். அப்பாச்சி போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போகாத பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்க்கிறார்.

“வா மோனை, நான் சொல்லித் தாறன். ‘இஞ்சை’ எண்டு சொல்லு, பாப்பம்.”

அதற்குப் பிறகு போன் என்ன எழுதியது என்று காட்டுவதா, காட்டாமல் விடுவதா என்பதில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். வருகிற ஞாயிறு ஆச்சியிடமும் ஐயாவிடமும் வாசித்துக் காட்டப் போகிறோம்.